இயந்திரம் மொழிபெயர்த்த மரியாதை மின்னஞ்சலை அனுப்புமுன் சரிபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கொழும்பு அலுவலகங்களிலிருந்து ஆங்கிலத்தில் எழுதப்படும் மடல்கள், இப்போது பெரும்பாலும் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வழியாகவே தமிழாகி வருகின்றன. அவற்றை அனுப்புமுன் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நம்மூர்க் கள உத்தியோகத்தர்களிடமே விழுகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

“எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, ‘தயவுசெய்து’ கூட இருக்கிறது. பிறகு ஏன் சங்கத் தலைவர் மனம் நொந்துபோனார்?”

ஆங்கிலத்தில் பணிவு பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பாதியில் இருக்கும். ‘குட் யூ’, ‘ஐ வாஸ் வொண்டரிங்’, ‘ஜஸ்ட்’, ‘பெர்ஹாப்ஸ்’ என்ற சொற்கள் முதலில் வந்து கேட்பவரைத் தயார்படுத்திய பிறகே கோரிக்கை வரும். தமிழில் பணிவின் பெரும்பகுதி வாக்கியத்தின் கடைசியில், வினைமுற்றின் மேல் இருக்கிறது. ‘அனுப்பு’, ‘அனுப்பவும்’, ‘அனுப்புங்கள்’, ‘அனுப்பித் தாருங்கள்’, ‘அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’, ‘அனுப்பித் தந்தால் பேருதவியாக இருக்கும்’ ஆகிய ஆறும் ஒரே செயலைத்தான் கேட்கின்றன. ஆனால் எழுதியவர் தம்மை எங்கே நிறுத்துகிறார், படிப்பவரை எங்கே நிறுத்துகிறார் என்பது ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

கருவி ஆங்கிலத்தின் முன்பகுதிச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்துவிட்டு, வினைமுற்றை மொட்டையாக விட்டுவிடுகிறது. அதனால் வாக்கியத் தொடக்கத்தில் தேவைக்கு மேல் உபசாரமும் முடிவில் கட்டளையும் அமைந்துவிடுகின்றன. படிப்பவர் மனத்தில் கடைசியாக நிற்பது அந்த முடிவுதான்.

“எப்படிப்பட்ட மடலைச் சொல்கிறீர்கள்? ஒன்றைக் காட்ட முடியுமா?”

இந்தப் பக்கத்திற்காக அமைத்த ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் இளம் செயற்றிட்ட உத்தியோகத்தர், மருதமுனையில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் தலைவருக்கு எழுதுகிறார். தலைவர் அறுபது வயதைக் கடந்தவர். நூல் வாங்கியதற்கான பற்றுச்சீட்டுகள் வரவில்லை, தறி திருத்துவதற்கான விலைமனுக்களும் வேண்டும் என்பதே செய்தி. ஆங்கில மடல் முறையாகவும் கனிவாகவும் எழுதப்பட்டது. கருவியிலிருந்து வந்த தமிழ் இப்படி இருக்கிறது:

> அன்புள்ள ஜனாதிபதி,
> இந்த மின்னஞ்சல் உங்களை நன்றாகக் கண்டறியும் என்று நம்புகிறேன். கடந்த வாரம் எங்கள் வருகையின் போது உங்கள் நேரத்திற்கு நன்றி. நூல் கொள்முதலுக்கான ரசீதுகளை நீங்கள் இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்பதை மென்மையாக நினைவூட்டுகிறேன். அவற்றைப் பெறும் வரை இரண்டாவது தவணையை எங்களால் விடுவிக்க முடியாது என்று பயப்படுகிறேன். தயவுசெய்து 25ஆம் தேதிக்கு முன் அவற்றை அனுப்பவும். நாங்கள் விவாதித்தபடி, தறி பழுதுபார்ப்புக்கான மூன்று மேற்கோள்களையும் வழங்குமாறு தாங்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். எங்கள் கணக்காளர் உங்களை அழைப்பார் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். உங்களிடமிருந்து கேட்க ஆவலுடன் காத்திருக்கிறேன்.
> அன்பான வணக்கங்கள்.

‘ஜனாதிபதி’, ‘கண்டறியும்’, ‘பயப்படுகிறேன்’, ‘மேற்கோள்கள்’ போன்றவை பார்த்தவுடனே பிடிபடும் பிழைகள். சங்கத்தின் தலைவர் நாட்டின் ஜனாதிபதியாகிவிட்டார். விலைமனு கேட்கவேண்டிய இடத்தில் புத்தகங்களிலிருந்து எடுத்துக்காட்டும் மேற்கோள் வந்துவிட்டது. கருவிகள் மேம்பட்டு வருவதால் இத்தகையவை குறைந்துகொண்டிருக்கின்றன. எனக்குக் கூடுதல் கவலை தருபவை ‘நீங்கள் இன்னும் சமர்ப்பிக்கவில்லை’, ‘அனுப்பவும்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ ஆகிய மூன்றும்தான். இவை இலக்கணப்படி சரியான, ஒழுங்கான தமிழ். ஆகவே சரிபார்ப்பவரின் கண் அவற்றில் தடுக்காமல் கடந்துவிடும், தலைவரின் மனத்தில் மட்டும் அவை தைக்கும்.

“சரிபார்க்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?”

ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் படியுங்கள். ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அதன் கனிவு உங்கள் மனத்திலேயே தமிழுக்கும் ஒட்டிக்கொண்டு குறைகளை மறைத்துவிடும்.

முதல் வாசிப்பில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள மடலுக்கு அது இப்படி வரும்: நம்புகிறேன், நன்றி, நினைவூட்டுகிறேன், பயப்படுகிறேன், அனுப்பவும், கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள், கவனிக்கவும், காத்திருக்கிறேன். இந்தப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேலை கேட்கும் இடங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் இரண்டு ‘-வும்’ என்று முடிகின்றன, ஒன்று அழைப்பாணை போல ஒலிக்கிறது. தலைவர் என்ன உணர்வார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஆங்கிலத்தைத் திறந்து, கனிவுக்காகவே போடப்பட்ட சொற்களின் கீழ்க் கோடிடுங்கள். ‘ஜஸ்ட்’, ‘குட்’, ‘ஐ ஆம் அஃப்ரைட்’, ‘ஐடியலி’, ‘இஃப் பாசிபிள்’ என்று வரும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் அதே சொல் இருக்கிறதா என்று தேடவேண்டாம், அந்தக் கனிவு அந்த வாக்கியத்தில் எங்கேயாவது இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘ஜஸ்ட்’ என்பதற்கு ‘வெறும்’ என்று எழுதினால் பொருளே கெடும். ‘நினைவூட்டவே எழுதுகிறேன்’ என்பதில் உள்ள ஏகாரம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘ஐ ஆம் அஃப்ரைட்’ என்பதில் அச்சம் எதுவும் இல்லை, சொல்ல விரும்பாததைச் சொல்லவேண்டியிருக்கிறது என்ற தயக்கமே இருக்கிறது. தமிழில் அந்தத் தயக்கம் காரணத்தை முன்னே வைப்பதால் வரும், அல்லது ‘வருத்தத்துடன் அறியத்தருகிறேன்’ என்பதால் வரும்.

“‘அனுப்பவும்’ என்பது மரியாதைச் சொல்தானே? அலுவலகப் பலகைகளில் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது?”

பலகையில் இருப்பதுதான் காரணம். ‘வரிசையில் நிற்கவும்’, ‘பாதணிகளைக் கழற்றவும்’ என்ற அறிவித்தல்களில் சொல்பவரும் கேட்பவரும் தனி ஆட்களாக இல்லை, யாராக இருந்தாலும் இதுவே விதி என்று அந்த வடிவம் சொல்கிறது. படிவத்தை நிரப்பும் முறையைப் படிப்படியாக விளக்கும்போதும் அது பொருத்தமானது. ஒரு மனிதர் இன்னொருவருக்குப் பெயர் குறிப்பிட்டு எழுதும் மடலில் அதே வடிவம் வந்தால், எழுதியவர் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசுவதாகவே தெரியும். சம வயதினரும் தினமும் பேசிக்கொள்பவர்களுமான இருவருக்கிடையே அது குறையாகப் படாமல் போகலாம். வயதில் மூத்தவருக்கு, அதுவும் பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து போகும்போது, அது நிச்சயமாகக் கட்டளைதான்.

மாற்று வடிவங்களில் நான் முதலில் நாடுவது ‘தா’ என்ற துணைவினையை. ‘அனுப்பித் தருமாறு’, ‘அறியத்தருமாறு’, ‘உறுதிப்படுத்தித் தருமாறு’ என்று எழுதும்போது, இந்தச் செயலால் பயன்பெறுபவர் நான், செய்துகொடுப்பவர் நீங்கள் என்ற ஒப்புதல் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றையும் யார் யாரிடம் கேட்கும்போது சொல்லலாம் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. தாழ்ந்தோர் ‘ஈ’ என்பர், ஒப்பானோர் ‘தா’ என்பர், உயர்ந்தோர் ‘கொடு’ என்பர். இன்று அந்த வரையறை அப்படியே இல்லை. ஆயினும் கேட்பவரின் நிலையை வினையே காட்டவேண்டும் என்ற உணர்வு நம்மிடம் போய்விடவில்லை. நம்மூர்ப் பேச்சில் ‘ஒருக்கா அனுப்பிவிடுங்க’ என்பதில் அந்த ‘ஒருக்கா’ செய்வதும் இதே வேலைதான். எழுத்தில் அதற்கு நெருங்கியது ‘ஒருமுறை’. ‘ஒருமுறை பார்த்து அறியத்தருமாறு’ என்றால் கேட்டது சிறிதாகிறது.

“‘தயவுசெய்து’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்த்துவிட்டால் போதாதா?”

போதாது, சில இடங்களில் கெடுதலும் செய்யும். ஆங்கிலத்தின் ‘பிளீஸ்’ மிக இலேசான சொல், கடைக்காரரிடம் கூட வாக்கியத்துக்கு ஒன்று சொல்லலாம். ‘தயவுசெய்து’ என்பதில் தயவு வேண்டிக்கொள்ளும் பாரம் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பொறுமை இழந்தவரின் குரலாக மாறிவிடுகிறது. ‘தயவுசெய்து கவனிக்கவும்’ என்ற தொடர் எச்சரிக்கைகளோடு சேர்ந்தே நமக்குப் பழக்கமாகியிருக்கிறது. கணக்காளர் தொலைபேசியில் பேசுவார் என்ற சாதாரணத் தகவலுக்கு அது வேண்டியதில்லை. ‘எமது கணக்காளர் இது தொடர்பாகத் தங்களுடன் பேசுவார்’ என்று தகவலாகவே சொன்னால் போதும். ஒரு மடலில் ‘தயவுசெய்து’ ஒருமுறைக்கு மேல் வந்தால், மற்றவற்றை நீக்கிவிட்டு அந்தந்த வினைமுற்றைத் திருத்துங்கள்.

‘அனுப்ப முடியுமா?’ என்பதும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டியது. ஆங்கிலத்தின் ‘குட் யூ’ வினா வடிவில் வரும் கோரிக்கை. தமிழில் ‘முடியுமா’ பேச்சில் கோரிக்கையாகச் செல்லும். எழுத்தில், ஏற்கெனவே தாமதமான ஒரு காரியத்தைப் பற்றி வரும்போது, உம்மால் இயலுமா இயலாதா என்று கேட்பதாகவும் படலாம். ‘இயலுமாயின்’ என்று நிபந்தனையாக மாற்றினால் அந்த ஐயம் நீங்கும்.

“பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மிக உயர்ந்த நடையில் மாற்றிவிடுகிறேன்: தாங்கள், தங்களது மேலான, தாழ்மையுடன். அது சரிதானே?”

இதைத்தான் நான் பொய்யான முறைமை என்பேன். நம்முடைய கடித வழக்கில் ஒவ்வொரு உயர்நடைச் சொல்லுக்கும் ஒரு திசை இருக்கிறது. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தங்களது மேலான கவனத்திற்கு’ ஆகியவை பிரதேச செயலாளருக்கோ அரசாங்க அதிபருக்கோ விண்ணப்பம் எழுதும் பொதுமகனின் சொற்கள். பணம் வழங்கும் நிறுவனம் பயன்பெறும் சங்கத்துக்கு அதே சொற்களால் எழுதும்போது, திசை தலைகீழாகிறது. தலைவருக்கு அது உபசாரமாகத் தெரியாது. யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போலவும், சில வேளைகளில் பரிகாசம் போலவும் தெரியும்.

இரண்டாவது வகை, அதிகாரத்தின் நடை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’, ‘இதன்மூலம் அறியத்தரப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வடிவங்களை நாம் முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் விசாரணைக்குச் சமுகமளிக்கச் சொல்லும் கடிதங்களில். ஆங்கிலத்தின் ‘யூ ஆர் கைன்ட்லி ரிக்வெஸ்டட்’ என்பதைக் கருவி அப்படியே செயப்பாட்டில் கொண்டுவருகிறது. ‘கைன்ட்லி’ என்பதற்கு ‘அன்புடன்’ போட்டுவிடுவதால் அது இன்னும் விநோதமாகிறது. இந்த வடிவத்தில் கேட்பவர் யார் என்பதே மறைந்துபோகிறது. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று செய்வினைக்கு மாற்றினால் கேட்பவர் முன்னே வந்து நிற்பார். கோரிக்கை வாக்கியங்களில் எழுதுபவர் மறையக்கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, கலப்பு. கருவிகள் பெரும்பாலும் வாக்கியம் வாக்கியமாக முடிவெடுப்பதால், ஒரே மடலில் ‘நீங்கள்’, ‘தாங்கள்’, ‘உங்கள்’, ‘தங்களது’ எல்லாம் வரும். நீண்ட மடல்களில் மூன்றாம் மனிதரைப் பற்றி ‘அவர் சொன்னார்’ என்று தொடங்கி ‘அவன் அனுப்புவான்’ என்று முடிந்த வாக்கியத்தையும் பார்க்க நேரும். ‘நீங்கள்’ முழுக்க முழுக்க மரியாதையான சொல்தான். மருதமுனைத் தலைவருக்குத் தொடக்கம் முதல் முடிவுவரை ‘நீங்கள்’ என்றே எழுதினாலும் குறையில்லை. ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். உங்கள் கணினியின் தேடல் வசதியில் ‘நீங்கள்’, ‘தாங்கள்’, ‘உங்கள்’, ‘தங்கள்’, ‘அவன்’ ஆகிய ஐந்தையும் தட்டிப் பார்ப்பது இதற்கு நல்ல முதற்சோதனை.

“பற்றுச்சீட்டு அவர் அனுப்பவில்லை என்பது உண்மைதானே? அதை எழுதுவதில் என்ன தவறு?”

உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ‘நீங்கள் இன்னும் சமர்ப்பிக்கவில்லை’ என்பதில் எழுவாய் தலைவர், வினை எதிர்மறை, நடுவில் ‘இன்னும்’ என்ற குத்தல். ‘பற்றுச்சீட்டுகள் எமக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்பதில் எழுவாய் பற்றுச்சீட்டு. அங்கே ‘இன்னும்’ இருந்தாலும் யாரையும் குத்தாது. செய்தி ஒன்றுதான். அத்துடன் இரண்டாவது வடிவமே துல்லியமானதும் கூட, ஏனெனில் அவர் அனுப்பி அது வழியில் தவறியிருந்தால் முதல் வாக்கியம் பொய்யாகிவிடும்.

தவணைப் பணம் பற்றிய வாக்கியத்துக்கும் இதே கவனம் வேண்டும். ‘கிடைக்கும் வரை விடுவிக்க முடியாது’ என்பது மறுப்பில் முடிகிறது, கடைசிச் சொல் காதில் நிற்பதால் அது மிரட்டலாகிறது. ‘கிடைத்ததும் இரண்டாம் தவணையை விடுவிக்கலாம்’ என்று உடன்பாட்டில் முடித்தால் நிபந்தனை அப்படியே இருக்கும், மிரட்டல் போய்விடும்.

“‘நாங்கள் விவாதித்தபடி’ என்பதில் என்ன குறை?”

தலைவரும் அந்தப் பேச்சில் இருந்தார். ‘நாங்கள்’ என்றால் அவரை வெளியே வைத்துவிட்டு நிறுவனத்தார் தமக்குள் பேசி முடிவெடுத்ததாகப் பொருள்படும். ‘நாம் பேசிக்கொண்டபடி’ என்பதே சரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் கருவி ஊகிக்கிறது. இலங்கை அலுவலக எழுத்தில் ‘நாம்’, ‘எமது’ ஆகியவை நிறுவனத்தை மட்டும் குறிக்கவும் வழங்குவதால், ‘அன்று உங்களுடன் பேசியபடி’ என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

“விளிப்பிலும் பதவிப் பெயரிலும் கவனிக்க வேண்டியவை எவை?”

கருவிகள் தரும் தமிழில் இந்திய வழக்கு மிகுதியாக இருக்கும், பதவிப் பெயர்களில் அது நேரடியாகப் பிழையாகிவிடும். பாடசாலையை நடத்துபவர் நமக்கு அதிபர், கருவி அவரை ‘முதல்வர்’ என்னும். மட்டக்களப்பில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மாநகர முதல்வரே நினைவுக்கு வருவார். மாவட்டச் செயலாளர் ‘ஆட்சியர்’ ஆவதும், உத்தியோகத்தர் ‘அலுவலர்’ ஆவதும், திகதி ‘தேதி’ ஆவதும் இதே காரணத்தால்தான். பொருள் புரியும். ஆனாலும் படிப்பவருக்கு, இது நம் ஊரை அறிந்தவர் எழுதியதல்ல என்ற விலகல் முதல் வரியிலேயே ஏற்பட்டுவிடும்.

காத்தான்குடி, கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களுக்கு எழுதும்போது, ‘மிஸ்டர்’ என்பதற்குக் கருவி தரும் ‘திரு.’ என்பதை முஸ்லிம் பெரியவர்களுக்கு ‘ஜனாப்’ என்று மாற்றுவது நம் வழக்கம், பெண்களுக்கு ‘ஜனாபா’. தமிழ்ப் பெண்களுக்கு ‘திருமதி’, ‘செல்வி’ இரண்டில் எது என்பதை ஆங்கில மடல் சொல்லாது, கருவிக்கும் தெரியாது, ஆகவே கேட்டறியுங்கள். கேட்க வழியில்லையென்றால் ‘தலைவர் அவர்களுக்கு’, ‘அதிபர் அவர்களுக்கு’ என்று பதவியோடு ‘அவர்கள்’ சேர்ப்பது எல்லாருக்கும் பொருந்தும்.

“அப்படியானால் அந்த மருதமுனை மடல் திருத்தியபின் எப்படி இருக்கும்?”

> தலைவர் அவர்களுக்கு,
> ஐயா,
> நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடந்த வாரம் நாங்கள் வந்திருந்தபோது, உங்கள் வேலைகளுக்கிடையிலும் எங்களுக்காக நேரம் ஒதுக்கியமைக்கு மிக்க நன்றி.
> நூல் கொள்வனவுக்கான பற்றுச்சீட்டுகள் எமக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை நினைவூட்டவே இதனை எழுதுகிறேன். அவை கிடைத்ததும் இரண்டாம் தவணையை விடுவிக்கலாம் என எமது கணக்குப் பிரிவினர் தெரிவித்துள்ளனர். ஆகவே இம்மாதம் 25ஆம் திகதிக்கு முன்னர் அவற்றை அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
> அன்று உங்களுடன் பேசியபடி, தறி திருத்த வேலைக்கான மூன்று விலைமனுக்களையும் அவற்றோடு சேர்த்து அனுப்ப இயலுமாயின் பேருதவியாக இருக்கும். எமது கணக்காளர் இது தொடர்பாக உங்களுடன் தொலைபேசியில் பேசுவார். ஏதேனும் சிரமம் இருப்பின் எனக்கு அறியத்தாருங்கள்.
> உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.
> நன்றி.
> இப்படிக்கு,

இதில் ‘தயவுசெய்து’ ஒருமுறையும் வரவில்லை. ‘தாங்கள்’ இல்லை, ‘தாழ்மையுடன்’ இல்லை. முடிவுச் சொற்களை மறுபடியும் வரிசையாக எழுதிப் பார்த்தால், நம்புகிறேன், நன்றி, எழுதுகிறேன், தெரிவித்துள்ளனர், கேட்டுக்கொள்கிறேன், பேருதவியாக இருக்கும், பேசுவார், அறியத்தாருங்கள், எதிர்பார்க்கிறேன் என்று வருகின்றன. ‘சிரமம் இருப்பின்’ என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லாதது. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் அஃப்ரைட்’ சுமந்த தயக்கத்தைத் தமிழில் தாங்குவதற்கு அதைச் சேர்த்திருக்கிறேன். இப்படிச் சேர்ப்பதாக இருந்தால், மடலை எழுதியவருக்கு ஒரு சொல் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது அவர் கொடுக்கும் வாக்குறுதியாகிறது.

“இவ்வளவு மென்மையாக்கினால் கடைசித் திகதி கட்டாயம் என்பது தெரியாமல் போகாதா?”

போகக்கூடும், அதனால்தான் மேலே பற்றுச்சீட்டு வாக்கியத்தில் ‘இயலுமாயின்’ போடவில்லை. தவணைப் பணம் அதைப் பொறுத்திருக்கிறது, ஆகவே திகதிக்குப் பக்கத்தில் நிபந்தனைச் சொல் எதுவும் நிற்கக்கூடாது. விலைமனு சற்றுத் தாமதித்தாலும் பாதகமில்லை என்பதால் அங்கே ‘இயலுமாயின்’ நின்றது. ஆங்கில மடலில் திகதிக்கு முன் ‘ஐடியலி’ என்று இருந்தால் அது விருப்பம், ‘நோ லேட்டர் தேன்’ என்று இருந்தால் அது எல்லை. இந்த வேறுபாடு தமிழில் தப்பிப் பிழைத்ததா என்று தனியாகப் பாருங்கள். திருத்திய மடலைச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, என்ன அனுப்பவேண்டும், எப்போதுக்குள், தவறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் விடை சொன்னால் மென்மை அளவோடு இருக்கிறது.

“தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்த்தால் தொனிப் பிழை தெரியுமா?”

எண், திகதி, பெயர், விடுபட்ட வாக்கியம் ஆகியவற்றைப் பிடிக்க அது உதவும். தொனிக்கு உதவாது. ‘அனுப்பவும்’ என்பதை ஆங்கிலத்துக்கு மாற்றினால் ‘பிளீஸ் செண்ட்’ என்றே பெரும்பாலும் வரும், ‘அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதும் ஏறத்தாழ அதே போலத் திரும்பும். இரண்டுக்கும் இடையிலான தூரம் ஆங்கிலத்தில் காணாமல் போய்விடுவதால், எல்லாம் மரியாதையாக இருக்கிறது என்ற பொய்யான நிம்மதி கிடைக்கும்.

“கருவியிடமே ‘மரியாதையாக எழுது’ என்று சொல்லிவிடலாமே?”

அறிவுறுத்தலை ஏற்கும் கருவியாக இருந்தால் சொல்லலாம். ஆனால் ‘மரியாதை’ என்று மட்டும் சொன்னால் தாழ்மையும் மேன்மையும் நிறைந்த விண்ணப்ப நடைதான் பெரும்பாலும் வரும். எழுதுபவர் யார், பெறுபவரின் வயதும் பதவியும் என்ன, யார் யாரிடம் உதவி கேட்கிறார், இலங்கை அலுவலக வழக்கு வேண்டும், ‘நீங்கள்’ என்றே எழுதவேண்டும் என்ற விவரங்களைக் கொடுத்தால் திருத்தும் வேலை குறையும். அப்போதும் வினைமுற்றுப் பட்டியலை எழுதிப் பார்க்காமல் அனுப்பவேண்டாம்.

“நாங்கள் தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றும்போதும் இதே சிக்கல்தானா?”

சிக்கல் திசைமாறி வரும். வினைமுற்றில் நாம் வைத்த கனிவு ஆங்கிலத்தில் ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு செண்ட்’ என்று விறைப்பாக மாறும், ‘அறியத்தரவும்’ என்பது ‘இன்ஃபார்ம் மீ’ என்று வெறும் கட்டளையாகவும் போகலாம். அங்கே வாக்கியத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கோரிக்கை வாக்கியம் ஒவ்வொன்றும் ‘குட் யூ’, ‘வுட் இட் பி பாசிபிள்’ போன்ற ஒன்றுடன் தொடங்குகிறதா என்று சோதித்து, இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.